ஒரு கூட்டல் குறி: ரெப்போவின் நகல் எப்போது காப்பாகிறது

அந்தத் திங்கட்கிழமை காலை கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் அலுவலகத்துக்கு முதலில் வந்தவர், வழக்கம்போல உட்கார்ந்ததும் `git pull` அடித்தார். தன் கணினியில் இருக்கும் main பிராஞ்சும் சர்வரில் இருக்கும் main பிராஞ்சும் வேறு வேறு வழியில் போய்விட்டன என்று பதில் வந்தது. சர்வரைத் திறந்து பார்த்தோம். கடைசியில் ஒரு சின்னக் கமிட், அதற்கு முந்தைய கமிட்டின் தேதி மூன்று வாரம் பழையது. நடுவில் நாங்கள் எழுதிச் சேர்த்த 41 கமிட்டைக் காணவில்லை.

நாங்கள் ஏழு பேர். ஐந்து பேர் கடலூரில், இரண்டு பேர் புதுச்சேரி லாஸ்பேட்டையில். முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுக்கும் வியாபாரிகளுக்கான கணக்கு மென்பொருள் எழுதுகிறோம்: ஏலக் கமிஷன், ஐஸ், டீசல், படகுக்காரருக்குக் கொடுத்த முன்பணம். நடந்தது என்ன என்று கண்டுபிடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சனிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு ஒருவர் வீட்டிலிருந்த பழைய லேப்டாப்பில் ஒரு சின்னத் திருத்தம் செய்திருக்கிறார். அந்த லேப்டாப்பில் ரெப்போவைப் புதுப்பித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. புஷ் செய்தபோது சர்வர் மறுத்தது. அவசரத்தில் `git push --force` கொடுத்துவிட்டார். சர்வரும் ஏற்றுக்கொண்டது.

யாருக்கும் பெரிய பதற்றம் இல்லை. தினமும் அதிகாலை 2:15-க்கு ரெப்போவை இன்னொரு ஹோஸ்டிங் சேவைக்கு நகலெடுத்து அனுப்பும் ஏற்பாடு ஒரு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள்கூடத் தவறியதில்லை. அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று அந்தப் பக்கத்தைத் திறந்த தம்பி கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: “அண்ணே, ரெண்டு பக்கமும் ஒரே ஹாஷ்தான் காட்டுது.”

ஞாயிற்றுக்கிழமை அதிகாலை 2:15-க்கு எங்கள் நகல் தன் வேலையைக் குறையில்லாமல் செய்திருந்தது. முதல் இடத்தில் 41 கமிட் இல்லை. அதனால் இரண்டாவது இடத்திலும் இருக்கக் கூடாது. அந்த ஏற்பாட்டுக்கு நாங்கள் கொடுத்திருந்த உத்தரவே அதுதான். இந்தக் கட்டுரை முழுவதும் அந்த உத்தரவைப் பற்றியது.

உத்தரவு எங்கே இருக்கிறது

இணையத்தில் எந்த வழிகாட்டியைப் பார்த்தாலும் கிட்டத்தட்ட இதே மூன்று வரிகள்தான் இருக்கும். முதல் வரியை ஒரே ஒரு முறை ஓட்ட வேண்டும். அடுத்த இரண்டும் தினசரி ஓடும்.

```
git clone --mirror <முதல் இடத்தின் முகவரி> kanakku.git
git fetch --prune origin
git push --mirror kaappu
```

இங்கே `kaappu` என்பது இரண்டாவது ஹோஸ்டிங்குக்கு நாங்கள் வைத்த பெயர். `--mirror` போட்டு எடுத்த ரெப்போவுக்குள் போய் config கோப்பைத் திறந்தால் இந்த வரி இருக்கும்:

```
fetch = +refs/*:refs/*
```

கிட் ரெப்போவில் refs என்பவை பெயர்ப்பலகைகள். main, ஒவ்வொரு பிராஞ்ச், ஒவ்வொரு டேக் என எல்லாமே ஒரு கமிட்டின் ஹாஷைச் சுட்டும் பெயர்கள்தான். கோலனுக்கு இடப்பக்கம் அங்கே இருக்கும் பெயர்கள், வலப்பக்கம் நம்மிடம் வைத்துக்கொள்ளும் பெயர்கள். அங்கே இருக்கும் எல்லாப் பெயரையும் அப்படியே இங்கே எழுது என்று அந்த வரி சொல்கிறது.

முன்னால் இருக்கும் கூட்டல் குறிதான் விஷயம். அது இல்லாவிட்டால், ஒரு பிராஞ்ச் முன்னோக்கி நகர்ந்தால் மட்டுமே கிட் அதை ஏற்கும். புதிய கமிட்டிலிருந்து பின்னால் நடந்து போனால் பழைய கமிட் வர வேண்டும். வராவிட்டால் வரலாறு மாற்றி எழுதப்பட்டிருக்கிறது என்று பொருள். கிட் அந்தப் பிராஞ்சைத் தொடாமல் மறுத்துவிடும். கூட்டல் குறி இருந்தால் அந்தச் சோதனை கிடையாது. அங்கே என்ன இருக்கிறதோ அது இங்கே, அவ்வளவுதான்.

மற்ற இரண்டு சொற்களும் அதே திசையில் வேலை செய்பவை. `--prune` என்றால் அங்கே அழிக்கப்பட்ட பிராஞ்சை இங்கேயும் அழி. `push --mirror` என்றால் இங்கே இல்லாத பெயரை இரண்டாவது ஹோஸ்டிங்கிலும் அழி, மாறியதைக் கட்டாயமாக மாற்று. சனிக்கிழமை ஒரு மனிதர் ஒரு முறை அவசரத்தில் கொடுத்த `--force`-ஐ, எங்கள் ஸ்கிரிப்ட் ஒரு வருடமாகத் தினமும் கொடுத்துக்கொண்டிருந்தது.

இரண்டாவது பிரதி வேண்டும் என்று நாம் நினைக்கும்போது மனதில் இருப்பது வட்டு பழுதாவது, கணக்கு முடக்கப்படுவது, நிறுவனம் சேவையை மூடுவது போன்றவை. முதல் இடம் மொத்தமாகக் காணாமல் போனால் ஸ்கிரிப்டுக்கு ஃபெட்ச் கிடைக்காது, அது தோற்று நின்றுவிடும், நகல் பத்திரமாக இருக்கும். அந்த வகை ஆபத்துக்கு மேலே இருக்கும் மூன்று வரிகளே போதும். முதல் இடம் நன்றாக ஓடிக்கொண்டே தவறான உள்ளடக்கத்தைக் காட்டும்போதுதான் அவை காலை வாருகின்றன. என் அனுபவத்தில் அடிக்கடி நடப்பது இந்த இரண்டாவது வகை.

பெரிய இடங்களில் நடந்தது

2013 மார்ச்சில் கே.டி.இ. என்ற திறந்தமூல மென்பொருள் திட்டத்துக்கு நேர்ந்தது இந்த வகைதான். சுமார் 1500 ரெப்போக்கள் ஒரு மைய சர்வரில் இருந்தன. பல நாடுகளில் இருந்த நகல் சர்வர்கள் அதைத் தொடர்ந்து ஒத்திசைத்துக்கொண்டிருந்தன. பாதுகாப்புப் புதுப்பிப்புக்காக மைய சர்வரை நிறுத்தி எழுப்பியபோது அதன் கோப்பு அமைப்பு சிதைந்திருந்தது. நகல் சர்வர்கள் அந்தச் சிதைவையும் வாங்கிக்கொண்டன. இன்னும் மோசம், எந்தெந்த ரெப்போ இருக்கிறது என்று சொல்லும் பட்டியல் கோப்பும் கெட்டுப்போனது. பட்டியலில் இல்லாதவை நீக்கப்பட்டவை என்று எடுத்துக்கொண்டு நகல் சர்வர்கள் ரெப்போக்களை அழித்தன. அந்தச் சுற்றில் சிக்காமல் தப்பிய ஒரு சர்வரிலிருந்து மீட்டார்கள். எத்தனை நகல் இருந்தது என்பது அன்றைக்கு உதவவில்லை. ஒன்று மட்டும் சற்றுப் பின்தங்கி நின்றதுதான் உதவியது.

2019 மே மாதம் நடந்தது வேறு மாதிரி. கிட்ஹப், கிட்லேப், பிட்பக்கெட் மூன்றிலும் நூற்றுக்கணக்கான ரெப்போக்களில் ஒரே நேரத்தில் எல்லா வரலாறும் போய், ஒரே ஒரு கோப்பு மட்டும் நின்றது: 0.1 பிட்காயின் அனுப்பினால் உங்கள் கோடு திரும்பக் கிடைக்கும். மூன்று நிறுவனங்களும் சேர்ந்து விசாரித்து வெளியிட்டன. திருடர்கள் எந்த ஓட்டையையும் உடைத்து நுழையவில்லை. கடவுச்சொல்லும் டோக்கனும் வெளியே கசிந்திருந்தன, அவற்றை வைத்து உள்ளே வந்து ஃபோர்ஸ் புஷ் செய்திருந்தார்கள். கசிவுக்கு ஒரு முக்கிய வழி, இணையதளங்களில் பொதுவில் திறந்து கிடந்த `.git/config` கோப்புகள். அந்தக் கோப்பில் `https://பெயர்:டோக்கன்@...` என்று முகவரியிலேயே டோக்கனை எழுதி வைப்பது பலருக்கும் பழக்கம். நகலெடுக்கும் ஸ்கிரிப்டில் இந்தப் பழக்கம் இன்னும் அதிகம். யாரும் உட்கார்ந்து கடவுச்சொல் தட்ட முடியாத இடம் அல்லவா.

நாங்கள் எப்படி மீண்டோம்

இது நல்லபடியாக முடிந்தது. எப்படி என்பதைச் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது அவசரத்தில் உதவும்.

முதலில் ஓடிக்கொண்டிருந்த ஸ்கிரிப்டை நிறுத்தினோம். லாஸ்பேட்டையில் இருக்கும் ஒருவர் வியாழன் மாலைக்குப் பிறகு ஃபெட்ச் செய்யவில்லை. அவரைப் போனில் கூப்பிட்டு எதையும் தொட வேண்டாம் என்றோம். அவரிடம் வியாழன் வரைக்குமான கமிட்கள் இருந்தன. வெள்ளிக்கிழமை சேர்ந்த ஆறு கமிட் மட்டும் அவரிடம் இல்லை.

அந்த ஆறும் நகலெடுக்கும் கணினியிலேயே கிடந்தன. பெயர்ப்பலகையைக் கழற்றி வேறு இடத்தில் மாட்டினாலும் பழைய கமிட்டின் உள்ளடக்கத்தை கிட் உடனே அழிப்பதில்லை. எந்தப் பெயரும் சுட்டாமல் அனாதையாகக் கிடக்கும் பொருள்களை, இயல்பான அமைப்பில், இரண்டு வாரம் கழித்துத்தான் குப்பை வாரும்போது எடுத்துப் போடும். வழக்கமான ரெப்போ என்றால் `git reflog` பார்த்துப் பழைய ஹாஷைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் `--mirror` எடுப்பது பேர் ரெப்போ, அதாவது வேலை செய்யும் கோப்புகள் இல்லாத வெறும் கிட் கிடங்கு. அதில் ரெஃப்லாக் இயல்பாக எழுதப்படுவதில்லை. அதனால் இப்படித் தேடினோம்:

```
git fsck --lost-found
```

`dangling commit` என்று சில வரிகள் வந்தன. ஒவ்வொரு ஹாஷையும் `git log -1` கொடுத்துப் பார்த்தோம். நான்காவது ஹாஷ் வெள்ளிக்கிழமை மதியம் மூன்றே முக்காலுக்கு main-ல் சேர்ந்த கடைசி கமிட். அதற்கு `meetpu` என்று ஒரு பிராஞ்ச் பெயர் கொடுத்ததும் 41 கமிட்டும் சங்கிலியாகப் பின்னால் வந்து நின்றன. நாங்கள் கவனிக்க மூன்று வாரம் ஆகியிருந்தால் இந்த வழியும் அடைபட்டிருக்கலாம்.

கூட்டல் குறியை எடுத்த பிறகு

அன்று மாலையே ஏற்பாட்டை மாற்றினோம். இப்போது ஒரு வெற்று பேர் ரெப்போ, அதில் `mudhal`, `kaappu` என்று இரண்டு ரிமோட். ஸ்கிரிப்டின் மையப் பகுதி இவ்வளவுதான்:

```
N=$(date +%F)
git fetch --no-prune mudhal \
  refs/heads/main:refs/heads/main \
  'refs/tags/*:refs/tags/*' \
  "+refs/heads/*:refs/heads/naal/$N/*" || echo "ESCHARIKKAI $N"
git push kaappu refs/heads/main:refs/heads/main 'refs/tags/*:refs/tags/*' '+refs/heads/naal/*:refs/heads/naal/*'
```

main-க்கு முன்னால் கூட்டல் குறி இல்லை. டேக்குகளுக்கும் இல்லை. யாராவது main-ஐ மாற்றி எழுதியிருந்தால் இப்படி ஒரு வரி வரும்:

```
 ! [rejected]  main -> main  (non-fast-forward)
```

ஃபெட்ச் தோல்விக் குறியோடு முடியும். ஸ்கிரிப்ட் எங்கள் எல்லோருக்கும் செய்தி அனுப்பும். நகலில் main இருந்த இடத்திலேயே நிற்கும். வெளியான ஒரு பதிப்பின் டேக்கை யாராவது வேறு கமிட்டுக்கு நகர்த்தினாலும் இதே போல மறுப்பு வரும். காப்புக்காகப் போட்ட ஏற்பாடு, யாரோ வரலாற்றைத் தொட்டுவிட்டார்கள் என்று சொல்லும் காவல்காரனாகவும் ஆகிவிட்டது.

ஐந்தாவது வரியிலும் கடைசி வரியிலும் கூட்டல் குறி இருக்கிறதே என்று கேட்கலாம். main தவிர மற்ற பிராஞ்சுகளில் நாங்களே ரீபேஸ் செய்து ஃபோர்ஸ் புஷ் கொடுப்பது அன்றாட வேலை. அவற்றுக்கும் கண்டிப்பு வைத்தால் தினமும் எச்சரிக்கை வரும். ஒரு வாரத்தில் யாரும் அதைப் படிக்க மாட்டார்கள். அதனால் அன்றைய தேதியில் ஒரு அடுக்கு திறந்து, எல்லாப் பிராஞ்சையும் அந்தப் பெயரின்கீழ் போடுகிறோம். அதே தேதியில் ஸ்கிரிப்ட் மறுபடி ஓடினால் மட்டும் அந்த அடுக்கு மேலெழுதப்படும், நேற்றையது தொடப்படாது. இடம் எவ்வளவு பிடிக்கும் என்ற பயம் வேண்டாம். தேதி அடுக்குகள் வெறும் பெயர்கள்தான். ஒரே கமிட்டை முப்பது பெயர் சுட்டினாலும் கமிட் ஒன்றுதான். பெயர்ப் பட்டியல் நீளும், அதை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கையால் சுத்தம் செய்கிறோம். அழிக்கும் வேலையை ஸ்கிரிப்டிடம் கொடுக்கவே இல்லை.

`--no-prune` என்று தனியாகச் சொல்லியிருப்பதற்கும் காரணம் உண்டு. பலர் தங்கள் கணினியில் `fetch.prune` என்ற அமைப்பை நிரந்தரமாகப் போட்டு வைத்திருப்பார்கள், மறந்தும் போயிருப்பார்கள். அது இங்கே நுழைந்தால் அழிக்கும் வேலை மறுபடி தொடங்கிவிடும்.

எவ்வளவு இடைவெளியில் ஓட்டுவது என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் மாறுகிறது. கூட்டல் குறி இருக்கும் நகலை அடிக்கடி ஓட்டினால் ஆபத்து கூடும். தினசரி ஓடினால் தவறைக் கவனிக்கச் சில மணி நேரமாவது கிடைக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் பத்து நிமிடம்தான். கூட்டல் குறி இல்லாத நகலுக்கு இந்தப் பயம் இல்லை. எவ்வளவு அடிக்கடி ஓடுகிறதோ அவ்வளவு குறைவாக இழப்போம். நாங்கள் இப்போது மணிக்கு ஒருமுறை ஓட்டுகிறோம்.

சாவி யாரிடம்

நிறையப் பேர் இந்த ஸ்கிரிப்டை முதல் ஹோஸ்டிங்கின் தானியங்கி வசதியிலேயே ஓட்டுகிறார்கள். தனிக் கணினி வேண்டாம், செலவு இல்லை. சின்னச் சங்கடங்கள் உண்டு: கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் நேர அட்டவணை இயல்பாக யு.டி.சி.-யில் ஓடும், நம் அதிகாலை 2:15 அங்கே முந்தைய நாள் 20:45; பொது ரெப்போவில் 60 நாள் எந்த அசைவும் இல்லாவிட்டால் அட்டவணை தானாக நிறுத்தப்படும். முடிந்துபோன திட்டத்தின் ரெப்போ ஆறு மாதமாக நகலெடுக்கப்படாமல் இருப்பது இப்படித்தான்.

ஆனால் நான் அதை வேண்டாம் என்று சொல்வது வேறு காரணத்துக்காக. அந்த ஏற்பாட்டில் இரண்டாவது வீட்டின் சாவி முதல் வீட்டுக்குள் தொங்குகிறது. முதல் கணக்கைக் கைப்பற்றியவர் அட்டவணையைத் திறந்து, தனக்கு வேண்டியபடி ஓட்டி, இரண்டாவது இடத்தையும் துடைத்துவிடலாம். கோட் ஸ்பேசஸ் என்ற ஹோஸ்டிங் நிறுவனம் 2014 ஜூனில் மூடப்பட்டது இந்த மாதிரியான ஒரு நிலைமையால்தான். மேகக் கணினிக் கணக்கின் கட்டுப்பாட்டுப் பலகை ஒருவர் கையில் சிக்கியது. தரவும் அந்தத் தரவின் காப்பு நகல்களும் அந்தப் பலகையிலிருந்து எட்டும் தூரத்தில் இருந்தன. சில மணி நேரத்தில் பெரும்பகுதி அழிந்தது, நிறுவனம் அதன்பின் எழவில்லை.

எங்கள் ஸ்கிரிப்ட் மூன்றாவது ஒரு கணினியில் ஓடுகிறது. அதில் இரண்டு எஸ்.எஸ்.எச். சாவிகள். முதல் ஹோஸ்டிங்கில் பதிந்த சாவிக்குப் படிக்க மட்டும் அனுமதி. இரண்டாவதில் பதிந்ததற்கு அந்த ஒரே ரெப்போவில் எழுத அனுமதி. இரண்டுமே டிப்ளாய் கீ எனப்படும் வகை, அதாவது ஒரு மனிதரின் கணக்கோடு சேராமல் ஒரு ரெப்போவோடு மட்டும் சேர்ந்த சாவி. அதைத் திருடினாலும் ரெப்போவையே நீக்கவோ, அமைப்புகளை மாற்றவோ முடியாது. கூடவே இரண்டாவது இடத்தில் main-ஐப் பாதுகாக்கப்பட்ட பிராஞ்சாக வைத்து ஃபோர்ஸ் புஷ்ஷை மூடிவிட்டோம். கிட்லேப் போன்ற இடத்தில் இதைச் செய்யும்போது, அந்தப் பிராஞ்சுக்குப் புஷ் செய்யலாம் என்ற பட்டியலில் டிப்ளாய் கீயையும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் நியாயமான புஷ்கூட மறுக்கப்படும், ஒரு மாலை முழுக்க அதைத் தேடுவீர்கள்.

இரண்டாவது கணக்கின் உரிமையாளர் வேறு ஒருவராக, வேறு மின்னஞ்சலில், வேறு கைபேசியில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்போடு இருக்க வேண்டும். இரண்டு கணக்கும் ஒரே ஜிமெயிலுக்குக் கடவுச்சொல் மீட்பு அனுப்பினால் அவை இரண்டு கணக்கு அல்ல.

மின்சாரம் இல்லாத நாட்கள்

மூன்றாவது கணினியை எங்கே வைப்பது? எங்களுடையது கடலூர் அலுவலகத்தில் மூலையில் இருக்கும் பழைய டெஸ்க்டாப். கடலூரில் கணினியை நம்பியா என்று கேட்பவர்களுக்கு நியாயம் இருக்கிறது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரை கடந்தபின் இங்கே பல ஊர்களில் பல நாள் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறி நகராமல் நின்றபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.-க்கு மேல் மழை. அடுத்து தென்பெண்ணை வெள்ளம் கடலூர்ப் பக்கம் வந்தது. அப்போது அந்த டெஸ்க்டாப்பை மேசை மேல் ஏற்றி, அணைத்துவிட்டு, எல்லோரும் வீட்டில் இருந்தோம்.

அந்தக் கணினி நனைந்து போனாலும் கோடு போகாது, ஏனென்றால் அது வெறும் எடுத்துக் கொடுக்கும் கை. முதல் இடமும் இரண்டாவது இடமும் இந்த மாவட்டத்திலேயே இல்லை. கவனிக்க வேண்டியது அட்டவணையை. சாதாரண கிரான், குறித்த நேரத்தில் கணினி அணைந்திருந்தால் அந்த முறையை விட்டுவிடும். மின்சாரம் வந்ததும் அடுத்த முறைக்குத்தான் ஓடும். தினசரி 2:15 என்று வைத்து, ராத்திரி மின்வெட்டு வழக்கமாகிவிட்டால் பல நாள் நகலே எடுக்கப்படாது. சிஸ்டம்டி டைமரில் ஒரு வரி சேர்த்தால் விட்டுப்போனதை எழுந்ததும் ஒரு முறை ஓட்டிவிடும்:

```
[Timer]
OnCalendar=hourly
Persistent=true
```

அணைந்து கிடக்கும் கணினி எச்சரிக்கைச் செய்தியும் அனுப்பாது. சாவி காலாவதியானாலும், ஸ்கிரிப்ட் நின்றுபோனாலும், எச்சரிக்கை அனுப்பும் அஞ்சல் தடுக்கப்பட்டாலும் வெளியே தெரிவது ஒன்றேதான்: அமைதி. 2017 ஜனவரி 31-ல் கிட்லேப் நிறுவனம் தவறுதலாகத் தன் தரவுத்தளத்தை அழித்தபோது, தினசரி காப்பு பல நாளாகவே தோற்றுக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. பதிப்புப் பொருந்தாமை காரணமாக அது தோற்றது; தோல்வியைச் சொல்லும் அஞ்சல்கள் பெறுபவரிடம் சேராமல் நிராகரிக்கப்பட்டிருந்தன. சுமார் ஆறு மணி நேரத் தரவு போனது. அதனால் நாங்கள் பார்ப்பது மறுபக்கத்திலிருந்து. லாஸ்பேட்டையில் இருக்கும் ஒரு கணினி, தினமும் காலை ஒன்பது மணிக்கு, ஸ்கிரிப்டோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் இதைக் கேட்கிறது:

```
git ls-remote mudhal refs/heads/main
git ls-remote kaappu refs/heads/main
```

இரண்டு ஹாஷும் ஒன்றாக இருந்தால் நகல் ஓடுகிறது. வேறாக இருந்தால் ஒன்று ஸ்கிரிப்ட் நின்றிருக்கிறது, இல்லை main மாற்றி எழுதப்பட்டிருக்கிறது. எதுவானாலும் மனிதர் ஒருவர் பார்க்க வேண்டும். ஒன்றாக இருப்பது எல்லாம் நலம் என்பதற்கு அத்தாட்சி ஆகாது என்பதை அந்தத் திங்கட்கிழமை பார்த்துவிட்டோம்; ஆனால் main முன்னோக்கி மட்டுமே போகும் என்ற கட்டுப்பாட்டோடு சேரும்போது அந்தச் சமத்துக்குக் கொஞ்சம் மதிப்பு வருகிறது.

கிட் எடுத்துப் போகாதவை

இஷ்யூக்கள், புல் ரிக்வெஸ்டில் நடந்த உரையாடல்கள், தானியங்கி வேலைகளின் ரகசியங்கள் இவையெல்லாம் ஹோஸ்டிங்கின் தரவுத்தளத்தில் இருப்பவை. கிட் அவற்றைப் பார்ப்பதே இல்லை, ஏ.பி.ஐ. வழியாகத் தனியாக இறக்க வேண்டும். விக்கி பெரும்பாலும் தனி ரெப்போ, அதற்குத் தனி நகல். சப்மாட்யூலும் அப்படியே. இவை தெரிந்த விஷயம், பட்டியல் போட்டால் முடிந்துவிடும்.

எங்களைத் தடுக்கி விழ வைத்தது எல்.எஃப்.எஸ். ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை, லாஸ்பேட்டையில் ஒருவர் இரண்டாவது ஹோஸ்டிங்கிலிருந்து மட்டும் குளோன் செய்து, `git fsck --full` ஓட்டி, மென்பொருளைக் கட்டி, ஒரு ஏலச் சீட்டை அச்சடித்துப் பார்க்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம். முதல் முறை அவர் புதுக் கணினியில் செய்தார். குளோன் ஆனது, fsck குறை சொல்லவில்லை, மென்பொருளும் எழுந்தது. அச்சில் வந்த சீட்டைப் புகைப்படம் எடுத்து அனுப்பினார். எண்கள் எல்லாம் சரி. ‘வஞ்சிரம்’, ‘பாறை’, ‘கமிஷன்’ இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டங்கள்.

தமிழ் எழுத்துரு கோப்பைத் திறந்தால் மூன்று வரி எழுத்து இருந்தது: ஒரு பதிப்பு எண், `oid sha256:` என்று தொடங்கும் ஒரு நீண்ட ஹாஷ், அளவு. பெரிய கோப்புகளை எல்.எஃப்.எஸ்.-ல் போட்டால் ரெப்போவுக்குள் இருப்பது இந்தச் சீட்டு மட்டும்தான்; கோப்பு வேறொரு கிடங்கில் இருக்கிறது. நாங்கள் ஓட்டிய ஃபெட்சும் புஷ்ஷும் சீட்டை எடுத்துப் போயின, கோப்பை எடுத்துப் போகவில்லை. சில ஹோஸ்டிங்குகள் கோப்பு இல்லாத இந்த மாதிரிப் புஷ்ஷை மறுத்துப் பிழை காட்டும். எங்களுடையது வாங்கி வைத்துக்கொண்டது. கிட்டின் கணக்கில் எல்லாம் சரியாக இருந்ததால் fsck-க்கும் தெரியவில்லை.

ஸ்கிரிப்டின் கடைசியில் இரண்டு வரி சேர்ந்தன:

```
git lfs fetch --all mudhal
git lfs push --all kaappu
```

முதல் முறை ஓட இருபது நிமிடம் ஆனது, அப்புறம் சில நொடிகள்தான். அன்று மாலை லாஸ்பேட்டையிலிருந்து இன்னொரு புகைப்படம் வந்தது. வஞ்சிரம் நாலரைக் கிலோ, ஐஸ் இரண்டு பெட்டி, கமிஷன் கழித்து மீதி, கீழே ‘நன்றி’ என்று தமிழில்.